350 கி.மீ. தள்ளி வந்த நிலநடுக்கம்: மெக்சிகோ சிட்டியில் நடுத்தர உயரக் கட்டடங்கள் மட்டும் ஏன் அதிகம் சரிந்தன?

1985 செப்டம்பர் 19, காலை 7.17 மணி. மெக்சிகோவின் பசிபிக் கடற்கரையில், மிச்சோவகான் மாநிலத்தை ஒட்டி 8.0 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. அதன் மையத்துக்கும் தலைநகர் மெக்சிகோ சிட்டிக்கும் இடையே சுமார் 350 கிலோமீட்டர் தூரம். அவ்வளவு தூரம் பயணித்து வரும் அதிர்வு பொதுவாக வலுவிழந்துவிடும். ஆனால் அன்று தலைநகரில் சுமார் 400 கட்டடங்கள் இடிந்தன. குறைந்தது 5,000 பேர் உயிரிழந்தனர். பலி எண்ணிக்கை அதைவிட இரு மடங்கு என்று சொல்லும் மதிப்பீடுகளும் உண்டு.

சேதத்தை ஆய்வு செய்த பொறியாளர்களுக்கு ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. இரண்டு, மூன்று மாடி வீடுகள் பெரும்பாலும் தப்பித்திருந்தன. 44 மாடிகள் கொண்ட டோரே லத்தினோஅமெரிக்கானா கோபுரமும் நிமிர்ந்து நின்றது. அதிகம் அடி வாங்கியவை ஏறக்குறைய 6 முதல் 15 மாடி வரையிலான கட்டடங்கள். 12 மாடி உயர ஹுவாரெஸ் மருத்துவமனைக் கட்டடமும் அவற்றில் ஒன்று.

ஒரே நகரம், ஒரே அதிர்வு. அப்படியிருக்க, ஏன் இந்தப் பாகுபாடு? இதற்கான பதில் இயற்பியல் பாடத்தில் வரும் இரண்டு விஷயங்களில் இருக்கிறது: ஆடும் பொருள் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பதும், அதன் ஒத்ததிர்வு வளைகோடு எவ்வளவு அகலம் என்பதும். உண்மையில் இவை இரண்டும் ஒன்றுதான்.

ஊஞ்சல் ஏன் தானாக நிற்கிறது?

ஓர் ஊஞ்சலை ஒருமுறை தள்ளிவிட்டு ஒதுங்கி நின்று பாருங்க. ஒவ்வொரு ஆட்டத்திலும் அது போகும் தூரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். காற்றின் தடையும், மேலே சங்கிலி உரசுவதும் ஆட்டத்தின் ஆற்றலை வெப்பமாக மாற்றிக்கொண்டே இருக்கின்றன. இப்படி அடங்கிக்கொண்டே போகும் ஆட்டத்தைத்தான் பாடப்புத்தகம் 'தடையுறு அலைவு' என்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, வீச்சு ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் குறைவதில்லை, ஒரே விகிதத்தில் குறைகிறது. முதல் ஆட்டத்தில் நூற்றுக்கு 73 பங்கு மிஞ்சினால், அடுத்த ஆட்டத்தில் அந்த 73-இல் 73 சதவீதம் மிஞ்சும். இன்னொன்று, வீச்சு குறைந்தாலும் ஒரு முழு ஆட்டத்துக்கு ஆகும் நேரம் கிட்டத்தட்ட மாறாது. இந்த நேரத்துக்கு 'அலைவு நேரம்' என்று பெயர்.

கட்டடமும் இப்படித்தான். அடி மண்ணில் ஊன்றியிருக்க, மேல் பகுதி பக்கவாட்டில் ஆடும் ஒரு தலைகீழ் ஊஞ்சல் அது. தோராயமாக, மாடிகளின் எண்ணிக்கையை 10-ஆல் வகுத்தால் அதன் அலைவு நேரம் விநாடியில் கிடைக்கும். 10 மாடிக்கு ஏறக்குறைய 1 விநாடி, 20 மாடிக்கு ஏறக்குறைய 2 விநாடி.

க்யூ என்றால் என்ன?

ஒரு பொருள் எவ்வளவு நேரம் ஆட்டத்தைத் தக்கவைக்கிறது என்பதைச் சொல்லும் எண்தான் 'தரக் காரணி'. சுருக்கமாக க்யூ. இது பெரிதாக இருந்தால் ஆட்டம் நீண்ட நேரம் நீடிக்கும். சிறிதாக இருந்தால் சட்டென்று அடங்கிவிடும். கோயில் மணியை அடித்தால் ரீங்காரம் நீண்டு ஒலிக்கும், ஏனென்றால் அதன் க்யூ அதிகம். மரப்பலகையைத் தட்டினால் 'டொக்' என்று அப்போதே முடிந்துவிடும்; அதன் க்யூ குறைவு.

இதை அளக்க ஓர் எளிய வழி உண்டு. ஆட்டத்தின் வீச்சு பாதியாகக் குறைய எத்தனை முழு ஆட்டங்கள் ஆகின்றன என்று எண்ணுங்கள். அதை 4.5-ஆல் பெருக்கினால் வருவதுதான் க்யூ. இன்னொரு விதமாகவும் சொல்லலாம்: க்யூ 10 என்றால், 10 ஆட்டங்கள் முடியும்போது தொடக்க வீச்சில் 4 சதவீதம்தான் மிச்சம் இருக்கும். அதாவது, பத்து ஆட்டத்துக்கு முன் வாங்கிய தள்ளு அந்தப் பொருளுக்கு கிட்டத்தட்ட மறந்தே போயிருக்கும்.

பலமாகக் குலுங்கும் கான்கிரீட் கட்டடத்துக்குப் பொறியாளர்கள் வழக்கமாக 5 சதவீதத் தணிவு என்று கணக்கு வைப்பார்கள். இந்தியாவின் நிலநடுக்க வடிவமைப்புத் தரநிலையான ஐஎஸ் 1893-ம் இதே 5 சதவீதத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. இந்தத் தணிவை க்யூவாக மாற்றினால் வருவது 10.

சரி, இதில் 'அகலம்' எங்கே வருது?

இப்போது ஊஞ்சலை ஒருமுறை மட்டும் தள்ளாமல் தொடர்ந்து தள்ளுவதாக வைத்துக்கொள்வோம். அதன் இயல்பான தாளத்தோடு ஒத்துத் தள்ளினால் சிறு தள்ளு கூட பெரிய ஆட்டமாக வளரும். இதுதான் ஒத்ததிர்வு. தாளம் தப்பினால் சில தள்ளு ஊஞ்சலை முன்னே தள்ளும், சில தள்ளு அதையே தடுக்கும். ஆட்டம் வளராது.

தள்ளும் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, ஒவ்வொரு வேகத்திலும் ஆட்டம் எவ்வளவு பெரிதாகிறது என்று வரைந்தால் மலை போன்ற ஒரு வளைகோடு கிடைக்கும். உச்சி இருப்பது அந்தப் பொருளின் இயல்பு அதிர்வெண்ணில். உச்சியின் உயரத்தில் சுமார் 70 சதவீதத்துக்கு இறங்கும் இடத்தில், மலையின் இரு பக்கங்களுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று பார்ப்பார்கள். ஆட்டத்தின் ஆற்றல் உச்சத்தில் இருப்பதில் பாதியாகும் இடம் அது. அந்தத் தூரம்தான் வளைகோட்டின் அகலம்.

இதற்கும் க்யூவுக்கும் உள்ள உறவு மிக எளிது:

அகலம் = இயல்பு அதிர்வெண் ÷ க்யூ

உச்சியின் உயரத்தைச் சொல்வதும் இதே க்யூதான். க்யூ 10 உள்ள கட்டடத்தின் அடியில் நிலம் சரியான தாளத்தில், நீண்ட நேரம், சீராக ஆடினால் மேலே அது ஏறக்குறைய 10 மடங்காகும். க்யூ அதிகமானால் மலை உயரமாகவும் ஒல்லியாகவும் இருக்கும். குறைந்தால் குட்டையாகவும் அகலமாகவும் இருக்கும்.

அடங்கும் வேகமும் அகலமும் ஏன் ஒன்று?

சூத்திரம் இல்லாமலே இதைப் புரிந்துகொள்ளலாம். க்யூ 10 உள்ள பொருள், கடைசி 10 ஆட்டங்களில் வாங்கிய தள்ளுகளைத்தான் 'நினைவில்' வைத்திருக்கிறது. நீங்கள் தள்ளும் வேகம் அதன் இயல்பு வேகத்தைவிட 5 சதவீதம் அதிகம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 5 சதவீதம் முந்தினால், 10 ஆட்டங்களில் அரை ஆட்டம் முந்திவிடுவீர்கள். பத்தாவது தள்ளு, முதல் தள்ளு செய்ததற்கு நேர் எதிராக வேலை செய்யும். ஆகவே ஆட்டம் முழு உயரத்துக்கு வளராது.

க்யூ 100 என்றால்? நினைவு 100 ஆட்டங்களுக்கு நீளும். வெறும் அரை சதவீத வேக வித்தியாசமே அதே அளவுக்கு அரை ஆட்ட முரண்பாட்டை உண்டாக்கிவிடும். நினைவு நீண்டால் பிழை பொறுக்காது, அதனால் வளைகோடு ஒல்லியாகிறது. நினைவு குறைந்தால் தாளம் கொஞ்சம் பிசகினாலும் பரவாயில்லை, வளைகோடு அகலமாகிறது.

இதிலேயே இன்னொரு விஷயமும் அடங்கியிருக்கிறது. உச்சத்தைத் தொட நேரம் வேண்டும். க்யூ 10 உள்ள கட்டடம் சரியான தாளத்தில் 5 தள்ளு வாங்கினால் முழு வளர்ச்சியில் சுமார் 80 சதவீதத்தை எட்டும், 10 தள்ளில் கிட்டத்தட்ட முழுவதையும் எட்டிவிடும். இரண்டே உலுக்கலில் முடிந்துபோகும் நிலநடுக்கம் ஒத்ததிர்வை முழுதாக உருவாக்க முடியாது.

மெக்சிகோ சிட்டியில் அன்று நடந்த கணக்கு

நகரின் மையப் பகுதி ஒரு காலத்தில் ஏரி. டெக்ஸ்கோகோ ஏரியின் நடுத் தீவில் அஸ்டெக்குகள் தலைநகர் அமைத்தார்கள். பின்னர் ஸ்பானியர் ஆட்சியில் ஏரி வடிக்கப்பட்டது. நீர் போனது, ஆனால் அடியில் பல பத்து மீட்டர் ஆழத்துக்கு நீர் ஊறிய மென்களிமண் தங்கிவிட்டது.

இந்தக் களிமண் படுகையும் ஆடக்கூடியதுதான். அதற்கும் ஓர் அலைவு நேரம் உண்டு. படுகையின் தடிமனை 4-ஆல் பெருக்கி, அதற்குள் பக்கவாட்டு அதிர்வு பயணிக்கும் வேகத்தால் வகுத்தால் அது கிடைக்கும். சேதம் அதிகமான பகுதிகளில் தடிமன் சுமார் 38 மீட்டர், வேகம் விநாடிக்கு சுமார் 75 மீட்டர். கணக்குப் போட்டால் வருவது 2 விநாடி. சாதாரண மண் பலமாகக் குலுங்கும்போது துகள்கள் உரசி நிறைய ஆற்றலை விழுங்கிவிடும். இந்தக் களிமண் அப்படி இல்லை. பெரிய குலுக்கலிலும் ரப்பர் போல மீண்டும் மீண்டும் ஆடியது. அதாவது, அதன் க்யூ மண்ணுக்கு வழக்கமானதைவிட அதிகம்.

விளைவு, கருவிகளில் பதிவானது. நகரின் பாறைப் பகுதியில் இருந்த பல்கலைக்கழக வளாகத்தில் நிலத்தின் முடுக்கம் புவியீர்ப்பில் 3 முதல் 4 சதவீதம்தான். ஏரிப் படுகையின் மேல் இருந்த போக்குவரத்துத் துறை வளாகக் கருவியில் அது 17 சதவீதம். களிமண் ஐந்து மடங்காகப் பெருக்கிவிட்டது. வெறும் பெருக்கம் மட்டும் இல்லை, பல தாளங்கள் கலந்து வந்த அதிர்விலிருந்து 2 விநாடித் தாளத்தை மட்டும் வடிகட்டி எடுத்தும் கொடுத்தது. பலமான குலுக்கல் மட்டும் சுமார் 40 விநாடி நீடித்தது. அதாவது, ஒரே தாளத்தில் சுமார் 20 தள்ளு.

இப்போது அதன் மேல் நிற்கும் கட்டடத்தைப் பாருங்க. அலைவு நேரம் 2 விநாடி, அதாவது அதிர்வெண் விநாடிக்கு 0.5. க்யூ 10. அகலம் 0.5 ÷ 10 = 0.05. ஆகவே 0.475-இல் இருந்து 0.525 வரை மலையின் உச்சிப் பகுதி. அலைவு நேரமாகச் சொன்னால் 1.9 முதல் 2.1 விநாடி வரை. இருபது தள்ளு என்பது உச்சத்தைத் தொடப் போதுமானதைவிட அதிகம். அந்தப் பதிவை வைத்துக் கணக்கிட்டால், 5 சதவீதத் தணிவுள்ள, 2 விநாடிக் கட்டடம் அனுபவித்த முடுக்கம் கிட்டத்தட்ட புவியீர்ப்பின் அளவுக்கே வருகிறது. நிலத்தில் இருந்ததைப் போல் சுமார் ஆறு மடங்கு. முழு 10 மடங்கு வராததற்குக் காரணம், நிலத்தின் ஆட்டம் முழுக்கச் சீராக இல்லாமல் ஏறி இறங்கியதுதான்.

பாறையில் 3-4 சதவீதமாக இருந்தது, இரண்டு ஒத்ததிர்வுகள் அடுக்கடுக்காக வேலை செய்ததால் ஏறக்குறைய 30 மடங்கானது.

அப்படின்னா 20 மாடிகள்தானே விழுந்திருக்கணும்?

நியாயமான கேள்வி. மாடி எண்ணிக்கையை 10-ஆல் வகுக்கும் விதிப்படி 2 விநாடி என்றால் 20 மாடி. ஆனால் விழுந்தவை பெரும்பாலும் 6 முதல் 15 மாடி. மென்மண்ணில் நிற்கும்போது அடித்தளமும் சேர்ந்து அசைவதால் அலைவு நேரம் விதியில் சொன்னதைவிடக் கூடுதலாகும் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், வளைகோட்டின் எந்தப் பக்கத்தில் கட்டடம் நின்றது என்பது.

1.4 விநாடி அலைவு நேரம் உள்ள ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் அது உச்சிக்கு வெளியே இருக்கிறது. ஆனால் முதல் சில குலுக்கலில் தூண்களிலும் சுவர்களிலும் விரிசல் விழுகிறது. கட்டடத்தின் விறைப்பு பாதியாகக் குறைந்தால், அலைவு நேரம் 1.4 மடங்காகும். 1.4 விநாடி 2 விநாடியாகிவிடும். அதாவது, அடி வாங்க வாங்க அந்தக் கட்டடம் தானே நடந்து போய் உச்சியில் ஏறி நிற்கிறது.

உச்சிக்கு அந்தப் பக்கம் நிற்கும் கட்டடத்தின் கதை நேர் எதிர். 2 விநாடிக் கட்டடம் விறைப்பில் பாதியை இழந்தால் 2.8 விநாடிக்குப் போய்விடும். அங்கே பெருக்கம் கிட்டத்தட்ட எதுவும் இல்லை. டோரே லத்தினோஅமெரிக்கானாவின் அலைவு நேரம் 3.5 விநாடிக்கும் மேல். அந்தத் தூரத்தில் 2 விநாடி ஆட்டத்தில் பாதிதான் மேலே போகும். அது தப்பியதற்கு இது மட்டுமே காரணம் அல்ல, உறுதியான எஃகுச் சட்டமும் ஆழமான அடித்தளமும் சேர்ந்தே காப்பாற்றின. ஆனாலும் அது நின்ற இடம் வளைகோட்டின் பாதுகாப்பான பக்கம்.

இரண்டு மாடி வீடுகள் மறு ஓரத்தில், உச்சியிலிருந்து மிகத் தொலைவில் இருந்தன. கொஞ்சம் விரிசல் விட்டாலும் 2 விநாடியை எட்ட முடியாத தூரம். அவை நிலத்தோடு சேர்ந்து, நிலம் ஆடிய அளவுக்கே ஆடின.

தணிப்பானைப் போட்டால் பிரச்னை தீருமா?

2003-இல் திறக்கப்பட்ட 55 மாடி டோரே மயோர் கோபுரத்தில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட தணிப்பான்கள் பொருத்தப்பட்டன. பைக்கின் ஷாக் அப்சார்பர் மாதிரிதான், ஆனால் அளவில் பிரம்மாண்டமானவை. உள்ளே கெட்டியான திரவம் சிறு துளை வழியாகத் தள்ளப்படும்போது ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாகிவிடும்.

பொதுவாக ஒரு கட்டடத்தின் தணிவை இப்படி 5-இல் இருந்து 10 சதவீதமாக உயர்த்தினால் க்யூ 10-இல் இருந்து 5 ஆகிறது. உச்சியின் உயரம் பாதியாகிறது, அகலம் இரட்டிப்பாகிறது. அகலமாவது கெட்டது இல்லையா என்று தோன்றலாம். இல்லை. மலை கீழே அமுங்குவதால்தான் அகலமாகத் தெரிகிறது. எந்தத் தாளத்திலும் ஆட்டம் முன்பைவிட அதிகமாவதில்லை.

ஆனால் ஒரு வரம்பு உண்டு. தணிப்பான் உதவுவது உச்சிக்கு அருகில் மட்டும்தான். 2 விநாடித் தாளத்தில் அரை விநாடி அலைவு நேரம் உள்ள ஒரு வீடு ஆடினால், தணிவு 5 சதவீதமாக இருந்தாலும் 10 ஆக இருந்தாலும் பெருக்கம் சுமார் 1.07 மடங்குதான். அங்கே தணிப்பான் போடுவது வீண் செலவு. ஆகவே முதலில் கேட்க வேண்டியது 'எவ்வளவு தணிவு வேண்டும்?' என்பதல்ல, 'என் கட்டடம் உச்சியிலிருந்து எத்தனை அகலம் தள்ளி நிற்கிறது?' என்பதே.

இதை எப்படி அளக்கிறாங்க, எங்கே தப்பாகும்?

கட்டடத்தின் மொட்டை மாடியில் அதிர்வுமானியை வைத்து, காற்றாலும் போக்குவரத்தாலும் ஏற்படும் நுண்ணிய ஆட்டத்தைப் பதிவு செய்வார்கள். அதை அதிர்வெண் வாரியாகப் பிரித்தால் உச்சி தெரியும். அகலத்தை அளந்தால் க்யூ கிடைக்கும்.

இங்கே நடக்கும் பொதுவான தவறு, பதிவு நேரம் போதாமல் போவது. 20 விநாடிப் பதிவை வைத்து 0.05-ஐ விட நெருக்கமான இரு அதிர்வெண்களைப் பிரித்தறிய முடியாது. நம் கட்டடத்தின் அகலமே 0.05 தான். அப்போது தெரியும் அகலத்தில் பெரும் பங்கு கட்டடத்துடையது அல்ல, பதிவின் குறுகிய நேரத்தால் வந்தது. க்யூ உண்மையைவிடக் குறைவாகத் தெரியும், கட்டடத்தில் நல்ல தணிவு இருப்பதாகத் தவறான நிம்மதி கிடைக்கும். பதிவு நேரத்தை நீட்டிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அகலம் மேலும் சுருங்கினால் முதல் அளவீடு நம்பத்தக்கதல்ல. சுருங்காமல் நின்றால் அதுதான் உண்மையான அகலம்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. மெல்லிய காற்றில் அளந்த க்யூ, பெரிய குலுக்கலுக்குப் பொருந்தாது. விரிசல் விழத் தொடங்கினால் உரசல் கூடி க்யூ குறையும், அதே நேரத்தில் உச்சியும் இடம் மாறும். ஒரே ஒரு வளைகோட்டை வரைந்து கட்டடத்தின் முழு விதியையும் சொல்லிவிட முடியாது.

2017-இல் மாறிய உச்சி

அதே செப்டம்பர் 19, 2017. மெக்சிகோ சிட்டியிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தூரத்தில் 7.1 அளவிலான நிலநடுக்கம். 1985 நினைவாக நடந்த பாதுகாப்பு ஒத்திகை முடிந்து இரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது. நகரில் 228 பேர் உயிரிழந்தனர்.

இந்த முறை அதிகம் சேதமானவை வேறு கட்டடங்கள். மையம் அருகில் இருந்ததால் வேகமான தாளங்கள் வலுவிழக்காமல் வந்து சேர்ந்தன. ஏரிப் படுகையின் ஓரத்தில், களிமண் தடிமன் குறைவான பகுதிகள் அந்தத் தாளங்களைப் பெருக்கின. அங்கே நிலத்தின் அலைவு நேரம் 2 விநாடியைவிடக் குறைவு. எனவே 4 முதல் 7 மாடி வரையிலான கட்டடங்கள் அதிகம் விழுந்தன.

1985-இல் அசையாமல் தப்பிய கட்டடம் பாதுகாப்பானது என்று பலரும் நம்பியிருந்தார்கள். அந்தக் கட்டடங்கள் அன்று வலுவால் தப்பினவா அல்லது உச்சிக்கு வெளியே நின்றதால் தப்பினவா என்பதை, உச்சி இடம் மாறிய அடுத்த நிலநடுக்கம்தான் காட்டிக்கொடுத்தது.